ஈஜிபுரா குமாஸ்தாவுக்கு கைகொடுக்காத 'டாப்-அப்' பாலிசி
இரண்டு பாலிசி இருந்தும் தாயாரின் சிகிச்சைக்கு இரண்டு லட்சம் கைப்பணம் போனது எப்படி?

(நமது பகுதி நேர நிருபர்)

ஈஜிபுராவில் விவேக்நகர் பக்கம் போகும் குறுக்குத் தெரு ஒன்றில், மாடிப்படியை ஒட்டி ஒரு சிறிய வாடகை வீடு. அதில் குடியிருப்பவர் திருவண்ணாமலைப் பக்கத்தைச் சேர்ந்தவர். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், 66 வயதுத் தாயார். தந்தை காலமாகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னை வீட்டுக்கு அழைத்து, ஒரு பிளாஸ்டிக் உறையை முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு இன்சூரன்ஸ் பாலிசிகள், இரண்டு ஆஸ்பத்திரி பில்கள், ஒரு மறுப்புக் கடிதம்.

"சார், ரெண்டு பாலிசி இருந்தும் என் கையிலிருந்து ரெண்டு லட்சம் போயிருக்கு. எங்கே தப்பு நடந்ததுன்னு நீங்களே பாருங்க" என்றார்.

உறையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. பாலிசியில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவரைக் கவிழ்த்திருக்கிறது. நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில் இதே போன்ற பாலிசி இருக்கக்கூடும் என்பதால் அவர் அனுமதியுடன் இதை எழுதுகிறேன்.

ஏன் டாப்-அப் வாங்கினார்?

அவருடைய கம்பெனி, ஊழியர்களுக்கு குரூப் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பெற்றோரும் அதில் சேர்த்தி. குடும்பம் முழுவதற்கும் ஆண்டுக்கு ரூ.3 லட்சம். சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டதால் அந்த வசதி அவருக்கு இல்லை.

(இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 2017 முதல் மாதம் ரூ.21 ஆயிரம் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர்களைச் சார்ந்து வாழும் தாய் தந்தையருக்கும் அதில் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்கள், பெற்றோர் பெயர் அதில் பதிவாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியே பாலிசி வாங்குவது அதற்குப் பிறகு.)

மூன்று லட்சம் போதாது என்று நண்பருக்குத் தெரியும். தாயாருக்கு முழுப் பாலிசி வாங்கலாம் என்று விசாரித்தார். அறுபதைக் கடந்தவர்களுக்கு பிரீமியம் மிக அதிகம். தவிர, முதியோருக்கென்றே உள்ள பல பாலிசிகளில் ஒவ்வொரு செலவிலும் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும். இதற்கு 'கோ-பே' என்று பெயர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் கம்பெனியின் 'ரெட் கார்ப்பெட்' என்ற முதியோர் பாலிசி பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் இந்தப் பங்கு 30 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய் கிளெயிம் என்றால் 60 ஆயிரம் நம்முடையது. மருத்துவப் பரிசோதனை கேட்காமல், அறுபதுக்கு மேல் புதிதாகச் சேர்த்துக் கொள்வதற்கு அதுதான் விலை. அந்த விலை கட்டுப்படியாகுமா என்பதை அவரவர் குடும்பத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மத்திய அரசு 2024 அக்டோபரில், வருமானம் எவ்வளவு என்று பாராமல், 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ரூ.5 லட்சம் காப்பீட்டைத் தொடங்கியது. நண்பரின் தாயாருக்கு அந்த வயது வர இன்னும் நாலு ஆண்டு இருக்கிறது.

அப்போதுதான் ஒரு ஏஜெண்டு டாப்-அப் பாலிசியைப் பற்றிச் சொன்னார். "மூணு லட்சம் வரைக்கும் ஆபீஸ் பாலிசி பார்த்துக்கும். அதுக்கு மேலே பத்து லட்சம் வரைக்கும் நாங்க தருவோம்." பிரீமியம் முழுப் பாலிசியை விட வெகு குறைவு. 2021 மே 2-ந் தேதி நண்பர் பணத்தைக் கட்டிவிட்டார்.

பிரீமியம் குறைவாக இருப்பதில் மாயம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் செலவுகளில் பெரும்பாலானவை சின்னத் தொகைகள். ஒரு காய்ச்சல், ஒரு கண்புரை ஆபரேஷன், மூன்று நாள் படுக்கை என்று அடிக்கடி வருபவை அவை. முதல் மூன்று லட்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டால், கம்பெனிக்கு இந்தத் தொல்லைகள் எல்லாம் கழிந்துவிடுகின்றன. எப்போதாவது வரும் பெரிய பில் மட்டுமே அதன் பொறுப்பு. நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய அந்த முதல் தொகைக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். இங்கே அதைக் 'கழிவு வரம்பு' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பில்கள்

சென்ற 2025-ம் ஆண்டு ஜூன் மாதம், தாயாரின் காலில் சர்க்கரைப் புண் சீழ் பிடித்து ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரி பில் ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். கையுறை, பதிவுக் கட்டணம், துணைக்கு இருந்தவர் சாப்பாடு போன்றவை இன்சூரன்சில் வராது என்று ரூ.20 ஆயிரத்தை நீக்கினார்கள். ஆபீஸ் பாலிசி மீதி ரூ.2 லட்சத்து 20 ஆயிரத்தைக் கொடுத்தது. இதுவரை மனக்குறை எதுவும் இல்லை.

நவம்பரில் நெஞ்சு வலி. ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் ரூ.2 லட்சத்து 60 ஆயிரம். அதில் இன்சூரன்ஸ் ஏற்கக்கூடியது ரூ.2 லட்சத்து 50 ஆயிரம். ஆபீஸ் பாலிசியில் அந்த ஆண்டுக்கு மிச்சம் இருந்தது ரூ.80 ஆயிரம்தான். அது வந்தது. பாக்கி ரூ.1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு நண்பர் நம்பிக்கையோடு டாப்-அப் கம்பெனிக்கு எழுதினார்.

இரண்டு பாராவில் பதில் வந்தது. ஜூன் மாதக் கிளெயிம் மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. நவம்பர் மாதக் கிளெயிமும் மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. எனவே தருவதற்கு ஒன்றுமில்லை.

"ரெண்டும் சேர்ந்து தாண்டிடுச்சே சார்?" என்றார் நண்பர்.

சேர்ந்து தாண்டியது உண்மைதான். ஆனால் அவர் வாங்கிய பாலிசியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இடமில்லை. கழிவு வரம்பு 'ஒவ்வொரு கிளெயிமுக்கும்' என்று அச்சிட்டிருக்கிறது. அதுதான் சாதாரண டாப்-அப். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் கணக்கு பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். ஆண்டில் நாலு முறை சேர்ந்து, ஒவ்வொரு முறையும் இரண்டே முக்கால் லட்சம் செலவானாலும் அதில் இருந்து ஒரு பைசா பெயராது.

இதற்கு 'சூப்பர் டாப்-அப்' என்று ஒரு அண்ணன் உண்டு. அது மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போல. ஆண்டு முழுவதும் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டுத்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியதும், மேற்கொண்டு ஆவதெல்லாம் அதன் பொறுப்பு.

நண்பரிடம் அது இருந்திருந்தால் கணக்கு இப்படி: ஏற்கத்தக்க செலவு ஜூனில் 2,20,000, நவம்பரில் 2,50,000. மொத்தம் 4,70,000. இதில் மூன்று லட்சம் போக மீதி ரூ.1,70,000. அது முழுவதும் சூப்பர் டாப்-அப்பில் வந்திருக்கும். இரண்டு பில்லிலும் நீக்கப்பட்ட 30 ஆயிரம் மட்டுமே கைச்செலவு. இப்போது அவருக்கு ஆனது, அந்த 30 ஆயிரத்தையும் சேர்த்து இரண்டு லட்சம்.

நடந்து கொண்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்ததில் ஒரு லட்சத்து இருபது. மனைவியின் வளையல்களை அடகு வைத்ததில் எண்பது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தாயார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இனிமே நெஞ்சு வலிச்சா நான் சொல்லப் போறதில்லை, தம்பி. சும்மா படுத்துக்கறேன்" என்றார் என்னைப் பார்த்து.

மகன் பதில் சொல்லவில்லை.

எங்கே பார்ப்பது?

பாலிசிப் புத்தகம் நாற்பது ஐம்பது பக்கம். எல்லாவற்றையும் படிக்கச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் ஒரு சுருக்கத் தாள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. 'கஸ்டமர் இன்பர்மேஷன் ஷீட்' என்று அதற்குப் பெயர். கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அந்தத் தாளில் பண வரம்புகளைச் சொல்லும் இடத்தில் 'டிடக்டிபிள்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் அருகில் 'அக்ரிகேட்' அல்லது 'பாலிசி ஆண்டு மொத்தம்' என்ற பொருளில் இருந்தால் சூப்பர் டாப்-அப். 'பெர் கிளெயிம்', 'ஈச் கிளெயிம்' என்று இருந்தால் நண்பர் வாங்கிய ஜாதி.

பாலிசியின் பெயரை நம்ப வேண்டாம். டாப்-அப் என்று பெயர் வைத்து ஆண்டு மொத்தக் கணக்கில் தருகிறவர்களும் உண்டு. பெயரில் கவர்ச்சியாக எதையோ சேர்த்து, உள்ளே ஒவ்வொரு கிளெயிம் கணக்கு வைத்திருப்பதும் உண்டு.

பாலிசி கைக்கு வந்த பிறகு இது தெரிந்தாலும் 30 நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில பிடித்தங்கள் போகப் பணம் திரும்ப வரும். இந்த வசதி முதல் முறை வாங்கும்போது மட்டும்தான், புதுப்பிக்கும்போது கிடையாது.

தேதியிலும் ஒரு வலை

சூப்பர் டாப்-அப் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நண்பர் எழுந்தார். உட்காரச் சொன்னேன். பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது.

அவருடைய ஆபீஸ் பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சூப்பர் டாப்-அப்பை அவர் அக்டோபர் 10-ந் தேதி வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டு அக்டோபர் 10-ல் தொடங்கி மறு அக்டோபர் 9-ல் முடியும். ஜூன் மாதச் செலவு பழைய ஆண்டில் விழும். நவம்பர் மாதச் செலவு புதிய ஆண்டில் விழும். புதிய ஆண்டின் நோட்டில் 2,50,000 மட்டுமே ஏறும். வரம்பு மூன்று லட்சம். கிடைப்பது பூஜ்யம். ஆபீஸ் பாலிசியோ இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்து, மூன்று லட்சம் தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கும்.

ஆகவே இரண்டு பாலிசியின் ஆண்டும் முடிந்தவரை ஒரே தேதியை ஒட்டித் தொடங்குவது நல்லது. ஆபீஸ் பாலிசி எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது என்று பர்சனல் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நண்பரின் மே 2 பரவாயில்லை. ஒரு மாதம்தான் இடைவெளி.

அதே போல வேலையும் ஒரு தேதிதான். கம்பெனியை விட்டு விலகினால் பொதுவாக ஆபீஸ் பாலிசியும் அதோடு போய்விடும். சூப்பர் டாப்-அப் நம்முடையது, அது இருக்கும். ஆனால் கீழே உள்ள மூன்று லட்சம் அப்போது நம் தலையில். விலகுவதற்கு முன்பே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். காத்திருந்த ஆண்டுகள் வீணாகாமல் இருக்க அதுதான் வழி.

'இல்லை' என்று எழுதச் சொன்னவர்

காத்திருப்பு என்றால் என்ன? பாலிசி வாங்கும்போதே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு உடனே பணம் தரமாட்டார்கள். 2021-ல் இந்தக் காத்திருப்பு நாலு ஆண்டு வரை இருந்தது. 2024-ல் அதை மூன்று ஆண்டுக்கு மிகக்கூடாது என்று ஆணையம் குறைத்தது.

சூப்பர் டாப்-அப்பின் பற்று நோட்டில் இதற்கும் ஒரு விளைவு உண்டு. காத்திருப்புக் காலத்துக்குள் வரும் சர்க்கரைப் புண் செலவை அந்தக் கம்பெனி ஏற்காது. ஏற்காத செலவை நோட்டிலும் ஏற்றாது. ஆபீஸ் பாலிசி அதற்குப் பணம் கொடுத்திருந்தாலும் சரி, மூன்று லட்ச வரம்பை எட்டுவதற்கு அது கணக்கில் வராது. வயதானவர்களுக்கு முதல் மூன்று ஆண்டில் சூப்பர் டாப்-அப் ஏமாற்றம் தருவது பெரும்பாலும் இப்படித்தான்.

நண்பர் ஒரு விஷயத்தில் சரியாக நடந்துகொண்டிருக்கிறார். தாயாருக்கு அப்போதே ஐந்து ஆண்டாகச் சர்க்கரை. விண்ணப்பத்தில் 'இல்லை' என்று போட்டுவிடலாம், பிரீமியம் குறையும் என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். நண்பர் கேட்கவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் எழுதி, மாத்திரைச் சீட்டையும் இணைத்திருக்கிறார்.

'இல்லை' என்று எழுதியிருந்தால் கம்பெனி பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளைத் தோண்டி, உண்மையை மறைத்ததாகச் சொல்லி மறுத்துவிட முடியும். பாலிசி தொடர்ந்து ஐந்து ஆண்டு நடந்த பிறகுதான் அந்தக் காரணத்தை அவர்கள் கிளப்பக்கூடாது. அதுவும் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் கிளப்பலாம். ஏஜெண்டு எழுதினாலும் கையெழுத்து நம்முடையதுதானே.

இப்போது என்ன வழி?

போன பணம் போனதுதான். 'ஒவ்வொரு கிளெயிமுக்கும்' என்று பாலிசியில் தெளிவாக இருப்பதால் புகார் செய்தாலும் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

நியாயமான குறை இருப்பவர்கள் போக வேண்டிய இடம் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம். நமக்கு அது ஜே.பி. நகர் முதல் பேஸில், 24-வது மெயின் ரோட்டில், ஜீவன் சௌதா கட்டிடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் அங்கே போகலாம்.

நண்பருக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு. சாதாரண டாப்-அப்பை விட்டு சூப்பர் டாப்-அப்புக்கு எப்படி மாறுவது? அதை நிறுத்திவிட்டு வேறு கம்பெனியில் புதிதாக வாங்கினால் சர்க்கரைக்கு மறுபடி மூன்று ஆண்டு வரை காத்திருப்பு. ஸ்டென்டும் இப்போது பழைய நோய்க் கணக்கில் சேர்ந்துவிடும். 65 வயது என்று இருந்த வரம்பை ஆணையம் 2024-ல் எடுத்துவிட்டது உண்மை. ஆனால் வயது தடையில்லை என்றால் எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த 66 வயதுக்காரரை வேண்டாம் என்று கம்பெனி சொல்லலாம். இரண்டு இடத்தில் விசாரித்ததில் ஒரு இடத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் பழைய பாலிசியை நிறுத்தாமல், அதே கம்பெனியின் சூப்பர் டாப்-அப்புக்கு மாற்றித் தரும்படி மனு கொடுக்கச் சொன்னேன். ஏற்றுக்கொண்டால், கழிந்த ஆண்டுகள் பழைய தொகை அளவுக்குக் கணக்கில் வரும். அதிகமாகக் கேட்கும் தொகைக்கு மட்டும் காத்திருப்பு புதிதாக ஓடும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னதாக மனு போய்ச் சேருவது நல்லது. கடைசி வாரத்தில் போனால் பரிசீலிக்கவே நேரம் இருக்காது.

பிரீமியம் கூடும். அதில் இரண்டு ஆறுதல் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. அறுபதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

இனி தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், மூன்று லட்சம் ஆகாது என்று தோன்றினாலும் இரண்டு கம்பெனிக்கும் அன்றே தகவல் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். அசல் பில்கள் ஆபீஸ் பாலிசிக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் நகல் எடுத்து, ஆபீஸ் பாலிசி எவ்வளவு கொடுத்தது, எதை நீக்கியது என்ற கடிதத்தையும் வாங்கி வைக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் மேலே உள்ள கம்பெனி கணக்கைத் தொடங்காது.

நண்பர் மார்ச் முதல் வாரத்தில் மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்துவிட்டார். ஸ்டென்ட் விஷயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. பழைய பாலிசியைப் புதுப்பிக்க வேண்டிய பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் உறையின் மேல் சிவப்பு மையில் 'மே 2' என்று பெரிதாக எழுதி, தாயாரின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார்.